போட்டோவில் வரும் மொழித்தாளும் கோடிட்ட பத்தியும்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டவை

மொழிப் பாடத்துக்கு என்னிடம் படிக்கும் பிள்ளைகள் வினாத்தாளைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். பல வருடங்களாக இப்படித்தான் ஓடுகிறது. இலக்கணக் கேள்விகளுக்கு இந்த வழியில் எந்தக் குறையும் இல்லை, ஒவ்வொரு கேள்வியும் தனித்தனியாக நிற்பதால். ஒரு பத்தியில் ஆங்காங்கே சொல்லை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் பயிற்சிதான் போட்டோவில் தடுமாற வைக்கிறது. காரணம் சாதாரணமானது. போன் திரை சிறியது, அதனால் பிள்ளை கோடிட்ட இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறது. பெரிதாக்கியதும் முந்தைய வாக்கியமும் அடுத்த வாக்கியமும் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. விடை இருப்பதோ அந்த இரண்டிலும்தான்.

ஒரு பத்தியை வைத்துச் சொல்கிறேன். பயிற்சிக்காக நானே எழுதியது:

“மாமா ஒரு வாரமாக ஊரில் இல்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. (1)____ இலைகள் வாடவில்லை. இரவில் பெய்த மழை மண்ணை (2)____ வைத்திருந்தது. ஊர் திரும்பியவர் நேராகத் (3)____ போனார். செடிகளைப் பார்த்ததும் அவருக்கு (4)____ ஏற்பட்டது. ‘யார் தண்ணீர் ஊற்றியது?’ என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டார்.”

பெட்டியில் உள்ள சொற்கள்: அதனால், ஆனாலும், ஈரமாக, இறுக்கமாக, தோட்டத்துக்கு, வீட்டுக்கு, மகிழ்ச்சி, வியப்பு.

முதல் இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் ‘அதனால்’ என்று போடுகிறார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்றதும் மனம் அடுத்து வாடிய இலையைத்தான் எதிர்பார்க்கிறது. ஆனால் வாக்கியம் ‘வாடவில்லை’ என்று முடிகிறது. எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்திருப்பதால் ‘ஆனாலும்’ வர வேண்டும். ஏன் வாடவில்லை என்பதை அடுத்த வாக்கியத்து மழை சொல்கிறது, அதே மழை இரண்டாம் இடத்துக்கு ‘ஈரமாக’ என்பதையும் கொடுத்துவிடுகிறது. இப்படி ஒரு இடத்தின் விடை இன்னொரு இடத்தின் வாக்கியத்தில் கிடப்பது இந்தப் பயிற்சியில் சகஜம். அதனால் வரிசைப்படி நிரப்ப வேண்டும் என்று நான் வற்புறுத்துவதில்லை. தெரிந்ததை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் திரும்பி வந்தால் போதும்.

மூன்றாம் இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘நேராகத்’ என்று முடியும் சொல்லில் உள்ள ‘த்’ சும்மா வரவில்லை. அடுத்த சொல் தகர வரிசையில் தொடங்கும் என்று அது காட்டிக்கொடுக்கிறது. ‘வீட்டுக்கு’ அங்கே வர முடியாது. ஆனால் போட்டோ மங்கலாக இருந்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘நேராகத்’ என்பது ‘நேராகத’ என்று தெரிந்தால் பிள்ளை அதை அச்சுப்பிழை என்று தள்ளிவிடும். இந்த ஒற்றெழுத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. சிலர் தாள் தயாரிக்கும்போதே ஒற்றை எடுத்துவிடுவார்கள், ஆகவே ஒற்று இருந்தால்தான் அது துப்பு, இல்லாவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

நான்காம் இடம்தான் உண்மையான சோதனை. பசுமையான செடிகளைப் பார்த்தவருக்கு மகிழ்ச்சியும் வரலாம், வியப்பும் வரலாம். முன்னால் உள்ள வாக்கியங்கள் இரண்டையும் அனுமதிக்கின்றன. “யார் தண்ணீர் ஊற்றியது?” என்ற கேள்விதான் ‘வியப்பு’ என்று தீர்க்கிறது. பக்கத்தின் கடைசி வரியோடு போட்டோ முடிந்து, அந்தக் கேள்வி அடுத்த படத்தில் இருந்தால் என்ன ஆகும்? ‘மகிழ்ச்சி’ என்று எழுதிய பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. விடையைத் திருத்தும் முன் அந்தப் பிள்ளை எந்தப் படத்தை வைத்து எழுதியது என்று பார்ப்பேன். பத்தியின் கடைசி இடங்களில் மட்டும் தொடர்ந்து தவறு வந்தால் படம் வெட்டுப்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

இதற்காக நான் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். தாளை விரித்து வைத்து நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். இரண்டு படங்கள் தேவைப்பட்டால் முதல் படத்தின் கடைசி இரண்டு வரிகள் இரண்டாவதிலும் வர வேண்டும். சொற்பெட்டி தனிப் படமாக இருக்கட்டும். படமாக அனுப்பும்போது அளவு சுருங்கிப் புள்ளி மங்குகிறது என்றால் டாக்குமெண்டாக அனுப்பலாம். படிக்கும்போது போனைப் படுக்கைவாக்கில் பிடித்தால் முழு வரியும் தெரியும், பெரிதாக்க வேண்டிய அவசியம் குறையும்.

இவ்வளவும் செய்தாலும் சில இடங்களுக்குப் பக்கத்து வாக்கியங்கள் போதாது. பத்தியின் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லிவிட்ட காலமோ, ஆணா பெண்ணா என்பதோ, நாலைந்து வரி தாண்டி வினைச்சொல்லின் விகுதியைத் தீர்மானிக்கும். அத்தகைய நீண்ட பத்திகளை நான் போனில் செய்யச் சொல்வதே இல்லை, அச்செடுத்துத்தான் கொடுக்கிறேன்.