சட்ட ஆவண மொழிபெயர்ப்பை மெய்ப்புப் பார்க்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஆங்கிலத்தில் வரையப்பட்ட பொருள் வழங்கல் ஒப்பந்தம் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க, ‘சட்ட ஆவணங்களுக்கான இருமொழி மெய்ப்புத் திருத்தம்’ என்று விளம்பரம் செய்துவந்த நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தோம். அது எந்த நிறுவனம் என்பதை இங்கே குறிப்பிடப்போவதில்லை. அவர்கள் செய்த வேலையின் தன்மையைச் சொன்னாலே, இத்தகைய வேலையை எங்கே கண்டாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பு ஏற்கெனவே ஒரு தேர்ந்த மொழிபெயர்ப்பாளரால் செய்யப்பட்டிருந்தது. நாங்கள் கேட்டவை இரண்டுதான்: ஆங்கிலத்தில் ஒரு சொல் நிற்கும் இடமெல்லாம் தமிழிலும் ஒரே சொல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், நடை தொடக்கம் முதல் முடிவு வரை சட்ட ஆவணத்துக்குரியதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பி வந்ததோ, ‘முழுமையாகச் சரிபார்க்கப்பட்டது’ என்ற சான்றிதழுடன் கூடிய ஒரு தூய பிரதி. எந்த இடத்தில் என்ன மாற்றப்பட்டது என்ற தடம் அதில் இல்லை. ஐயப்பட்டியலும் இல்லை. ஒரு நீண்ட ஒப்பந்தத்தைப் படித்த மெய்ப்பாளருக்கு ஒரு கேள்விகூட எழவில்லை என்பதே அவர் ஆங்கில மூலத்தைத் திறந்திருப்பாரா என்ற ஐயத்தை எங்களுக்கு எழுப்பியது.

பழைய கோப்பையும் புதிய கோப்பையும் சொற்செயலியின் ஒப்பீட்டு வசதியில் போட்டுப் பார்த்தபோதுதான் நடந்தது தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர் ‘வழங்குநர்’ என்ற சொல்லை முதல் பிரிவில் வரையறுத்து, கடைசிப் பக்கம் வரை அதையே பயன்படுத்தியிருந்தார். மெய்ப்பாளருக்கு அது கூறியது கூறலாகப் பட்டிருக்கிறது. எனவே சில பத்திகளில் ‘விற்பனையாளர்’ என்றும், சிலவற்றில் ‘விநியோகஸ்தர்’ என்றும், ஓரிடத்தில் ‘சரக்கு அளிப்பவர்’ என்றும் மாற்றி அழகுபடுத்தியிருந்தார். கட்டுரைக்கு இது பொருந்தலாம். ஒப்பந்தத்தில், வரையறுக்கப்பட்ட சொல் மாறினால் ஆளே மாறிவிட்டார் என்றுதான் படிப்பவர் கொள்வார், கொள்ளவும் வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் சிக்கல் இன்னும் கூர்மையானது, ஏனெனில் அதில் ‘விநியோகஸ்தர்’ என்ற பெயரில் வேறொரு மூன்றாம் தரப்பினர் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருந்தார். குறைபாடுள்ள சரக்கைத் தம் செலவில் திரும்பப் பெறும் கடமை, மூலத்தில் வழங்குநருடையது. அவர்கள் ‘திருத்திய’ பிரதியில், ஒப்பந்தத்தில் கையெழுத்தே இடாத விநியோகஸ்தருடையதாக ஆகிவிட்டது.

இதற்கு நேர் எதிரான தவறையும் அதே கை செய்திருந்தது. ஆங்கில மூலத்தில் ‘வாரண்டி’, ‘கேரண்டி’, ‘இண்டெம்னிட்டி’ என்று மூன்று தனித்தனிக் கருத்துகள் இருந்தன. மொழிபெயர்ப்பாளர் அவற்றை முறையே உத்தரவாதம், பொறுப்புறுதி, ஈட்டுறுதி என்று பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் வரையறையும் கொடுத்திருந்தார். பின்னிரண்டும் ‘வழக்கில் இல்லாத கடினச் சொற்கள்’ என்று கருதி, மூன்றையும் ‘உத்தரவாதம்’ என்றே ஆக்கிவிட்டார் மெய்ப்பாளர். எளிமைப்படுத்தும் நோக்கம் புரிகிறது. ஆனால் சட்டத்தில் இவை மூன்றும் ஒன்றல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஈட்டுறுதியை 124ஆம் பிரிவிலும் பொறுப்புறுதியை 126ஆம் பிரிவிலும் தனித்தனியே வரையறுக்கிறது. முதலாவதில் இரண்டு தரப்பினர் போதும்: ஒருவருக்கு நேரும் இழப்பை மற்றவர் ஈடுசெய்வதாக வாக்களிக்கிறார். இரண்டாவதில் கடன்காரர், கடன் கொடுத்தவர், பிணையாளர் என மூவர் உண்டு. கடன்காரர் தவறும்போதுதான் பிணையாளரின் பொறுப்பு எழுகிறது. வாரண்டி என்பதோ 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், நிபந்தனையிலிருந்து வேறுபடுத்தி விளக்கப்படுவது. நிபந்தனை மீறப்பட்டால் ஒப்பந்தத்தையே மறுக்கலாம், வாரண்டி மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே கோரலாம். இம்மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தபின், ‘இந்த உத்தரவாதம் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் நீடிக்கும்’ என்ற வாக்கியம் எதைச் சொல்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒருமைப்பாடு கெட்டது ஒருபுறம் என்றால், நடையைச் சீராக்குவதாகச் செய்த திருத்தங்கள் கடமைகளையே குலைத்திருந்தன. மூலத்தின் ஒரு பிரிவு, வாங்குநரின் எழுத்துவடிவ ஒப்புதலின்றி வழங்குநர் தம் உரிமைகளைப் பிறருக்கு மாற்றித் தருதல் கூடாது என்று தடைசெய்கிறது. ‘கூடாது’ என்பது கண்டிப்பாக ஒலிக்கிறது என்று கருதி, ‘மாற்றித் தர வேண்டியதில்லை’ என்று திருத்தியிருந்தார்கள். தடை, விருப்பமாகிவிட்டது: மாற்றித் தரும் கட்டாயம் அவருக்கு இல்லை, விரும்பினால் தரலாம் என்பதே இப்போது அதன் பொருள். மற்றோரிடத்தில் ‘செலுத்துதல் வேண்டும்’ என்பது ‘செலுத்துவார்’ ஆகியிருந்தது. அதை உறுதிமொழியாகவும் படிக்கலாம், வெறும் எதிர்காலக் கூற்றாகவும் படிக்கலாம். பக்கத்துப் பிரிவுகளில் எல்லாம் ‘வேண்டும்’ என்றிருக்க, இந்த ஒரு பிரிவில் மட்டும் வேறு வினைமுற்று ஏன் வந்தது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால், நம்மிடம் விடை இருக்காது. சட்டத் தமிழில் முறையான நடை என்பது வடசொல் மிகுதியோ, வாக்கிய நீளமோ, ‘மேற்படி’, ‘இதனகத்து’ போன்ற சொற்களின் தூவலோ அன்று. கடமைக்கு ‘வேண்டும்’, தடைக்கு ‘கூடாது’, அனுமதிக்கு ‘-லாம்’ என்று ஒருமுறை தீர்மானித்தால், அந்தத் தீர்மானத்திலிருந்து எங்கும் விலகாமல் இருப்பதே அந்த நடையின் முதல் இலக்கணம்.

‘பிரிவு 14-க்கு உட்பட்டு’ என்பதை ‘பிரிவு 14 உட்பட’ என்று சுருக்கியதையும் சொல்லிவிடுகிறேன். முன்னது ஒரு பிரிவை மற்றொன்றுக்குக் கீழ்ப்படுத்துகிறது. பின்னது இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கிறது.

இத்தனையையும் மாற்றியவர், உண்மையிலேயே இருந்த பிழையைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் ‘அறிவிப்பு பெறப்பட்ட நாளிலிருந்து 30 நாட்கள்’ என்றிருந்தது, மொழிபெயர்ப்பில் கவனக்குறைவால் ‘அறிவிப்பு அனுப்பப்பட்ட நாளிலிருந்து’ என்று வந்திருந்தது. தமிழை மட்டும் படித்தால் அதில் குறை தெரியாது, வாக்கியம் வழுவின்றி ஓடும். மூலத்தை அருகில் வைத்துப் படித்தவர் கண்ணில்தான் அது படும். அது அப்படியே தப்பி வந்திருந்ததால், எங்கள் ஐயம் உறுதியாயிற்று: எங்களுக்குக் கிடைத்தது இருமொழிச் சரிபார்ப்பு அன்று, ஒருமொழி நடைத்திருத்தம்.

நிறுவனத்திடம் முறையிட்டபோது வந்த முதல் மறுமொழி, ‘ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் வாசிப்பு சலிக்கும்’ என்பது. இரண்டாவது, ‘முரண்பாடு எழுந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும், ஆகவே பாதிப்பில்லை’ என்பது. எங்கள் ஒப்பந்தத்திலோ இரு பிரதிகளும் சம மதிப்புடையவை என்றே எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்திருந்தால் இரண்டாவது மறுமொழியைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆங்கிலமே செல்லும் என்று எழுதியிருந்தாலும்கூட, தமிழ்ப் பிரதியைப் படித்துக் கையெழுத்திடுபவர் தாம் எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்று அதை வைத்துத்தான் புரிந்துகொள்வார். கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். சான்றிதழைத் திரும்பப் பெற மட்டும் இன்றுவரை மறுக்கிறார்கள்.

தேடி மாற்றும் வசதியால் நேர்ந்த ஒரு கோளாறு தமிழுக்கே உரியது என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லை ‘உடன்படிக்கை’ என மாற்ற அவர்கள் தேடல் கட்டளையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எழுவாயாக நின்ற ‘ஒப்பந்தம்’ எல்லாம் மாறியது. ஆனால் வேற்றுமை ஏற்கும்போது இறுதி மகரம் கெட்டு அத்துச் சாரியை வருவதால், ‘ஒப்பந்தத்தின்’, ‘ஒப்பந்தத்தை’, ‘ஒப்பந்தத்தில்’ ஆகியவை அந்தத் தேடலில் அகப்படவில்லை. ஆகவே ஒரே வாக்கியத்தில் ‘இந்த உடன்படிக்கை’ என்றும் ‘ஒப்பந்தத்தின் விதிகள்’ என்றும் இருவேறு ஆவணங்கள் இருப்பதுபோலத் தோற்றம் தந்தது. அடிச்சொல்லான ‘ஒப்பந்த’ என்று தேடியிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும். ஆனால் அப்போது ‘ஒப்பந்ததாரர்’ என்பதும் உடன் வரும், அதைக் கண்மூடி மாற்றினால் இன்னொரு குழப்பம். எனவே தமிழ்ச் சட்ட ஆவணத்தில் ‘அனைத்தையும் மாற்று’ என்ற பொத்தானைத் தொடாமல், அடிச்சொல்லால் தேடி, ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்து முடிவுசெய்வதே பாதுகாப்பானது.

அவர்கள் தந்த பிரதியை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, மொழிபெயர்ப்பாளரின் மூலக் கோப்பிலிருந்து மீண்டும் தொடங்கினோம். முதலில் வரையறைப் பிரிவிலிருந்து ஒரு கலைச்சொல் பட்டியல் எடுத்தோம். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரே தமிழ்ச் சொல், அது முதலில் வரும் பிரிவின் எண், சொல்லை எங்கிருந்து எடுத்தோம் என்ற குறிப்பு என்று அமைத்தோம். 1973ஆம் ஆண்டின் மத்தியச் சட்டங்களுக்கான அதிகாரபூர்வ மொழிபெயர்ப்புச் சட்டத்தின்கீழ் தமிழ்ப் பாடம் வெளியிடப்பட்டிருந்தால், அதிலுள்ள சொல்லுக்கே முதலிடம் தந்தோம். பிறகு ஒருவர் ஆங்கிலத்தைப் பிரிவு பிரிவாக உரக்கப் படிக்க, மற்றவர் தமிழில் விரல் வைத்துத் தொடர்ந்தார். எண்கள், தேதிகள், எழுத்தால் எழுதிய தொகைகள், பிரிவுக் குறுக்குக்குறிப்புகள் ஆகியவற்றை மட்டும் தனியே ஒரு சுற்று பார்த்தோம், ஏனெனில் பொருளில் ஆழ்ந்து படிக்கும் கண் எண்ணைத் தாண்டிவிடும்.

இப்போது புதியவர் ஒருவரிடம் வேலை கொடுக்குமுன், இரண்டு பக்கங்களை மாதிரியாகத் தருகிறோம். அதில் தமிழை மட்டும் படித்தால் தெரியாத ஒரு பொருட்பிழையையும், வேண்டுமென்றே திரும்பத் திரும்ப வரும் ஒரு வரையறுத்த சொல்லையும் வைத்திருக்கிறோம். முதலாவதைக் கண்டுபிடித்து, இரண்டாவதைத் தொடாமல் விட்டு, ஐயமுள்ள இடங்களில் தாமே மாற்றாமல் ஓரக்குறிப்பாகக் கேட்பவருக்கே ஆவணம் போகிறது. மாற்றத் தடம் இல்லாத கோப்பை ஏற்பதில்லை என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் தந்துவிடுகிறோம்.