ஆரஞ்சா, ஆரஞ்சுச் சாறா, தேயா: மீட்டர் சொன்ன கணக்கு

காலைத் தோசையோடு ஆரஞ்சு, ஆரஞ்சுச் சாறு, தே மூன்றில் எது என் இரத்தச் சீனியைக் குறைவாக ஏற்றுகிறது என்று வீட்டு மீட்டரில் சோதித்துப் பார்த்தேன். முதல் சுற்றில் மிக மோசமாக வந்தது முழு ஆரஞ்சுதான். இரண்டு தோசை, சாம்பார், அதன் பின் ஒரு ஆரஞ்சு. ஒரு மணி நேரம் கழித்து விரலைக் குத்தினால் லிட்டருக்கு 15.8 மில்லிமோல் என்று வந்தது. பழத்தைவிடத் தே எவ்வளவோ மேல் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன்.

மனைவிதான் கேட்டார்: "ஏங்க, ஆரஞ்சு உரிச்ச கையைக் கழுவினீங்களா?"

கழுவவில்லை. ஆல்கஹால் துணியால் துடைத்திருந்தேன், அவ்வளவுதான். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, மறுபடி குத்தினேன். 10.4. அதாவது மீட்டர் முதலில் அளந்தது என் இரத்தத்தை மட்டுமல்ல, விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றையும் சேர்த்துத்தான். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதையே சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஆரஞ்சு, திராட்சை, கிவி உரித்த விரலை ஆல்கஹாலால் பலமுறை துடைத்தாலும் அளவு பொய்யாகவே ஏறி வந்தது. தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியானது. பழம் சாப்பிட்டால் சீனி எகிறுகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் குழாயடிக்குப் போய்விட்டு வரட்டும்.

எனக்கு இரண்டாம் வகை நீரிழிவு, மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். பலதுறை மருந்தகத்தில் எனக்குச் சொன்ன இலக்கு, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 10க்குக் கீழ். காலையில் தோசையோடு ஏதாவது இனிப்பாக இல்லாமல் முடியாது என்பது என் பலவீனம். வீட்டுக்குக் கீழே கோப்பிக்கடை, பக்கத்து புளோக்கில் காசு போட்டால் ஆரஞ்சு பிழிந்து தரும் இயந்திரம், வீட்டில் பழக்கூடை. மூன்றில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யத்தான் இந்தச் சோதனை.

எல்லா நாளும் ஒரே காலை உணவு, ஒரே அளவு. நேரத்தை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ணினேன். வெறும் தண்ணீர் குடித்த நாளில் ஒரு மணி நேரத்தில் 9.8, இரண்டு மணி நேரத்தில் 8.1. இதுதான் தோசையின் சொந்தக் கணக்கு. கழுவிய கையோடு முழு ஆரஞ்சு: 10.4, பிறகு 8.4. பெரிய கோப்பை ஆரஞ்சுச் சாறு: 13.1, பிறகு 9.2. டின் பால் ஊற்றிய வழக்கமான தே: 12.0, பிறகு 9.6.

இரண்டாவது எண்ணை மட்டும் பாருங்கள். எல்லாமே 10க்குக் கீழ்தான். சாறு தேயைவிடக் கொஞ்சம் நல்லதாகக்கூடத் தெரிகிறது. நான் இரண்டு மணி நேரத்தில் மட்டும் குத்துகிற ஆளாக இருந்திருந்தால் சாறுதான் என் வீட்டுக்கு வந்திருக்கும். சாறு சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்குகிறது. தேயில் பால் கொழுப்பு இருப்பதால் கொஞ்சம் நிதானமாக இறங்கியிருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியும், சாற்றின் உச்சம் முடிந்த பிறகு போய் அளந்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இரண்டு மணி நேர அளவு மருத்துவருக்கு வேண்டும், சரி. ஆனால் பானங்களை ஒப்பிட ஒரு மணி நேர அளவையும் எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே பதினைந்து சதவீதம். ஆகவே 9.2க்கும் 9.6க்கும் வித்தியாசம் இருப்பதாக நினைக்க வேண்டாம். 13.1ஐயும் 10.4ஐயும்கூட நம்பாமல் மறுவாரம் திரும்ப எடுத்தேன். சாறு 12.6, பழம் 10.1 என்று வந்தது. அதன் பிறகுதான் நம்பினேன்.

அப்படியானால் பழத்தில் நார் இருக்கிறது, சாற்றில் இல்லை, அதனால்தான் என்று முடித்துவிடலாமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இயந்திரம் ஒரு கோப்பைக்குப் பிழிகிற அளவுக்கு மூன்று ஆரஞ்சை உட்கார்ந்து உரித்துத் தின்றேன். இரண்டாவதிலேயே வயிறு போதும் என்றது. மூன்றாவதைப் பிடிவாதத்துக்காக முடித்தேன். ஒரு மணி நேரத்தில் 12.4. சாற்றுக்குக் கிட்டத்தட்டப் பக்கம்!

இதுதான் எனக்கு விஷயத்தை உடைத்துக் காட்டியது. 1977இல் இங்கிலாந்தில் ஆரோக்கியமானவர்களுக்கு ஆப்பிளை முழுதாக, மசித்து, சாறாக என மூன்று விதமாக, ஒரே அளவு மாவுச்சத்து வரும்படி கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தச் சீனி ஏறிய உயரம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சாற்றுக்கு இன்சுலின் அதிகம் சுரந்தது, அப்புறம் சீனி சடாரென்று இறங்கியது. முழுப் பழத்தில் அந்த இறக்கம் இல்லை. நார் செய்கிற பெரிய வேலை, என் அனுபவத்தில், நம்மை ஒரு பழத்தோடு நிறுத்திவிடுவது. ஒரு நடுத்தர ஆரஞ்சில் சுமார் 12 கிராம் சீனி. 300 மில்லிலிட்டர் சாற்றில் அதைப்போல இரண்டு மடங்கு. பழத்தை உரித்துத் தின்ன ஐந்து நிமிடம் ஆகிறது. சாறு மின்தூக்கி வருவதற்குள் முடிந்துவிடும்.

"அது இயற்கைச் சீனி" என்று என் அண்ணன் வாதாடுவார். ஆரஞ்சில் உள்ள சீனியில் ஏறக்குறையப் பாதி, நாம் டப்பாவில் வைத்திருக்கும் அதே சுக்ரோஸ்தான். மீதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். குடலுக்கு எந்த மரத்திலிருந்து வந்தது என்று தெரியாது.

தேயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் 10, 11 கிராம் சீனி. கடைக்காரர் கை தாராளமானால் இரண்டு கரண்டி விழும். ஆனால் தேக்கு ஒரு பெரிய வசதி உண்டு: சீனியைக் குறைக்கச் சொல்லலாம். "தே சியூ டாய்" என்றால் இனிப்புக் குறையும், "தே ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. ஆரஞ்சிடம் போய் சியூ டாய் என்று சொல்ல முடியாது. தே ஓ கோசோங் குடித்த நாளில் எனக்கு 9.7 வந்தது, தண்ணீர் நாளின் அதே எண் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே இப்போது என் காலை: தோசை, தே ஓ கோசோங், ஒரு ஆரஞ்சு. ஆரஞ்சை மட்டும்தான் இப்படி அளந்தேன். தர்பூசணி, மாம்பழத்துக்கு இதே எண்களை நீட்டிப் பார்க்க வேண்டாம், அவற்றை உங்கள் விரலில் நீங்களே பாருங்கள்.

சாறு வீட்டை விட்டு முழுக்கப் போகவில்லை. அண்ணன் இன்சுலின் போடுகிறவர். போன மாதம் கை நடுங்கி, வியர்த்து, மீட்டரில் சீனி 3.4க்கு இறங்கிவிட்டபோது ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. 15 கிராம் சீனி உடனே உள்ளே போக வேண்டும், கால் மணி நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். பால் சேர்த்த தேயும் அந்த நேரத்துக்கு மெதுவானது. அண்ணி கைப்பையில் ஒரு சின்னப் பாக்கெட் சாறு எப்போதும் இருக்கிறது. அதை அண்ணனைத் தவிர வேறு யாரும் குடிக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.