மனிதனும் சிம்பன்சியும் பிரிந்தது எப்போது: புதைபடிவக் கடிகாரமா, குடும்பக் கடிகாரமா?

மனிதனின் டிஎன்ஏவையும் சிம்பன்சியின் டிஎன்ஏவையும் எழுத்துக்கு எழுத்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 100 எழுத்துக்குச் சுமார் 1.23 எழுத்து வேறுபடுகிறது. 2005-ல் சிம்பன்சியின் மரபணுத்தொகுதி வெளியானபோது கிடைத்த எண் இது. இதில் பெரிய தகராறு எதுவும் இல்லை. தகராறு, இந்த எண்ணை ஆண்டாக மாற்றும்போதுதான் ஆரம்பிக்கிறது. ஒரு வழியில் கணக்குப் போட்டால் 57 லட்சம் ஆண்டு வருகிறது. இன்னொரு வழியில் போட்டால் 1 கோடியே 23 லட்சம் ஆண்டு. இரண்டுமே அதே 1.23-இலிருந்து வந்தவை.

கணக்கு என்னவோ எளியதுதான்:

```
T = d / (2 × r)
```

d என்பது வேறுபாடு, r என்பது ஓர் எழுத்து ஓர் ஆண்டில் மாறும் வேகம். இரண்டால் வகுப்பதற்குக் காரணம், பிரிந்த பிறகு இரண்டு கிளையிலும் மாற்றங்கள் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன என்பது. ஒரே எழுத்து இரண்டு முறை மாறியிருந்தால் நமக்கு ஒரு மாற்றமாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் திருத்தத்தைச் செய்தாலும் 1.23 என்பது 1.24 ஆகிறது, அவ்வளவுதான். இவ்வளவு நெருங்கிய இனங்களுக்கு அது பொருட்டில்லை. ஆக, எல்லாச் சண்டையும் அந்த r-ஐ எங்கிருந்து எடுப்பது என்பதில்தான்.

முதல் வழி புதைபடிவம். எப்போது பிரிந்தன என்று ஓரளவு தெரிந்த ஒரு ஜோடியை எடுத்து, அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வது. குரங்கினங்களில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஜோடி, மனிதனும் மக்காக் குரங்கும். இரண்டுக்கும் இடையே 100 எழுத்துக்குச் சுமார் 6.5 எழுத்து வேறுபாடு. இந்தக் கிளைகள் 3 கோடி ஆண்டுக்கு முன் பிரிந்தன என்று வைத்துக்கொண்டால், 100 கோடி எழுத்துக்கு ஓர் ஆண்டில் 1.08 எழுத்து மாறுவதாக வருகிறது. அந்த வேகத்தை மனித–சிம்பன்சி வேறுபாட்டில் போட்டால் 57 லட்சம் ஆண்டு.

இந்த வழிக்கு ஒரு பெருமைமிக்க வரலாறு உண்டு. 1967-ல் வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன் இருவரும் டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்க வழியே இல்லாத காலத்தில், ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தை ஒப்பிட்டு, மனிதன் ஆப்பிரிக்க மனிதக் குரங்குகளிடமிருந்து பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றார்கள். அவர்கள் நங்கூரமாகப் பிடித்ததும் இதே 3 கோடிதான். அன்றைக்குப் புதைபடிவ ஆய்வாளர்கள் பலர், சுமார் 1.4 கோடி ஆண்டுப் பழமையான ராமாபிதேகஸ் என்ற உயிரினத்தையே மனிதனின் மூதாதை என்று நம்பினார்கள். கடைசியில் ராமாபிதேகஸ் ஒராங்குட்டானின் உறவு என்று தெரிந்தது. புரதக் கணக்கு பக்கம்தான் நியாயம் இருந்தது. அந்த வெற்றியால் இந்தக் கடிகாரத்தின் மேல் வந்த நம்பிக்கை ரொம்ப நாள் நீடித்தது. கொஞ்சம் அதிகமாகவே நீடித்தது என்பது என் எண்ணம்.

ஏனென்றால், அந்த 3 கோடி யாரும் அளந்து சொன்னதல்ல. தான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கில் கிடைத்த 2 கோடியே 52 லட்சம் ஆண்டுப் பழைய தாடை, பல் துண்டுகளில், ஒன்று மனிதக் குரங்குகளின் கிளையைச் சேர்ந்தது, இன்னொன்று மக்காக் இருக்கும் கிளையைச் சேர்ந்தது என்று 2013-ல் அறிவித்தார்கள். இதிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று: அதற்குள் பிரிந்துவிட்டார்கள். எவ்வளவு முன்னால் பிரிந்தார்கள் என்பதை அந்தப் பல் சொல்லாது. புதைபடிவம் எப்போதும் குறைந்தபட்ச வயதைத்தான் தரும்.

இன்னொரு சிக்கல், மக்காக் கிளையின் வேகம். தலைமுறை இடைவெளி குறைந்த குரங்குகளில் ஆண்டுக்கு மாற்றங்கள் அதிகம் சேர்கின்றன. இதைக் கண்டுபிடிக்க ஆண்டுக் கணக்கே தேவையில்லை. தென் அமெரிக்கக் குரங்கு ஒன்றை வெளியாளாக வைத்து, அதிலிருந்து மனிதனுக்கு எவ்வளவு தூரம், மக்காக்குக்கு எவ்வளவு தூரம் என்று அளந்தால் போதும். வேகம் ஒன்றாக இருந்தால் இரண்டும் சமமாக வரவேண்டும். மக்காக் பக்கம் கணிசமாக நீளமாக வருகிறது. அப்படியானால் மேலே கிடைத்த 1.08 என்பது வேகமான ஒரு கிளையும் மெதுவான ஒரு கிளையும் கலந்த சராசரி. அதை மெதுவான கிளைக்குப் போட்டால் தேதி உண்மையைவிடக் கிட்டத்தில் விழும்.

இரண்டாவது வழி குடும்பம். புதைபடிவத்தை விட்டுவிட்டு, அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் மரபணுத்தொகுதியையும் முழுசாகப் படித்து, பெற்றோர் இருவரிடமும் இல்லாத எழுத்து பிள்ளையிடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவது. ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களை வைத்து 2012-ல் வெளியான ஆய்வில், தலைமுறைக்கு 100 கோடி எழுத்தில் 12 மாறுவதாகக் கிடைத்தது. ஒரு பிள்ளைக்குக் கிட்டத்தட்ட 60 புது மாற்றம். அப்பாவின் வயது ஓர் ஆண்டு கூடினால் சுமார் 2 மாற்றம் கூடுகிறது.

எண்ணுவது என்றால் சுலபமில்லை. 600 கோடி எழுத்தில் 60-ஐத் தேடுகிறோம். படிக்கும் கருவியின் பிழைகள் அதைவிடப் பல மடங்கு. ஓர் இடத்தை 30 முறை படித்திருந்தால், உண்மையான புது மாற்றம் ஏறக்குறைய 15 முறை தெரிய வேண்டும், ஏனென்றால் அது இரண்டு பிரதிகளில் ஒன்றில்தான் இருக்கிறது. 30-ல் 4 முறைதான் தெரிந்தால், அது கருவியின் பிழையாகவோ, பிறந்த பிறகு சில ரத்த அணுக்களில் மட்டும் வந்ததாகவோ இருக்கலாம். நம்பகமான சோதனை அடுத்த தலைமுறை: அந்தப் பிள்ளைக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது போய்ச் சேர வேண்டும். சல்லடையை இறுக்கினால் உண்மையானவையும் கழிந்துவிடும். பத்தில் ஒன்றைத் தவறவிட்டாலே, 1 கோடியே 23 லட்சம் என்று வந்த தேதி உண்மையில் 1 கோடியே 11 லட்சமாக இருந்திருக்கும்.

சரி, அந்த 12-ஐத் தலைமுறை ஆண்டால் வகுத்தால், தலைமுறையை 25 ஆண்டு என்று கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.5. புதைபடிவக் கடிகாரத்தில் பாதிக்கும் குறைவான வேகம். அதனால்தான் தேதி 1 கோடியே 23 லட்சம் ஆண்டுக்குப் போகிறது.

இதைக் கேட்டவுடன், ஆப்பிரிக்காவில் அவ்வளவு பழைய மனித மூதாதையின் எலும்பு ஒன்றும் இல்லையே, இந்தக் கடிகாரம் தப்பு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். இங்கேதான் பலரும் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. இரண்டு டிஎன்ஏ பிரிந்த நாளும் இரண்டு இனம் பிரிந்த நாளும் ஒன்றல்ல. இனம் பிரிந்த அன்றைக்கே அந்தப் பொது மூதாதைக் கூட்டத்துக்குள் ஒரே மரபணுவின் பல வடிவங்கள் உலவிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று நமக்கு வந்தது, ஒன்று சிம்பன்சிக்குப் போனது. அந்த இரண்டு வடிவமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தது இனம் பிரிவதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால். கூட்டம் பெரியதாக இருந்தால் இந்த முன்காலமும் நீளும். இதற்குக் கண்ணால் பார்க்கும் சான்று உண்டு: கொரில்லாவின் மரபணுத்தொகுதியில் சுமார் 30 சதவீத இடத்தில், மனிதனும் சிம்பன்சியும் ஒருவருக்கொருவர் மிக நெருக்கமாக இல்லை, இருவரில் ஒருவர் கொரில்லாவுடன் நெருங்கி நிற்கிறார். மூதாதைக் கூட்டத்தில் பழைய வடிவங்கள் நெடுங்காலம் தங்கியிருந்தால்தான் இப்படி வரும்.

மரபணுத்தொகுதியின் இடத்துக்கு இடம் வேறுபாடு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்து இந்த முன்காலத்தை மதிப்பிடலாம். மொத்த வேறுபாட்டில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு இதற்கே போகிறது என்று கொள்வோம். இந்தப் பங்கு எந்தக் கடிகாரத்தைப் பயன்படுத்தினாலும் மாறாது. 1 கோடியே 23 லட்சத்தில் மூன்றில் ஒன்றைக் கழித்தால் 82 லட்சம். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் 2001-ல் கிடைத்த, மனிதக் கிளையின் ஆரம்பகால மூதாதை என்று பலர் கருதும் சாஹெலாந்த்ரோபஸின் மண்டை ஓடு சுமார் 70 லட்சம் ஆண்டுப் பழையது, இடிக்கவில்லை. அதே கழித்தலை 57 லட்சத்தில் செய்தால் 38 லட்சம். தான்சானியாவின் லேட்டோலியில் சாம்பலில் பதிந்திருக்கும் இருகால் நடைத் தடங்களின் வயது சுமார் 36.6 லட்சம் ஆண்டு. பிரிந்து 2 லட்சம் ஆண்டுக்குள் நம்மைப் போல நிமிர்ந்து நடந்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டிவரும். என் பார்வையில் இந்த ஜோடியைப் பொறுத்தவரை புதைபடிவக் கடிகாரம் இங்கேயே தோற்றுவிடுகிறது. நங்கூரம் போடும்போதும் இதே முன்காலத்தை மறந்ததுதான் அதன் வேகத்தைச் செயற்கையாகக் கூட்டியது.

அதற்காகக் குடும்பக் கடிகாரத்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோக முடியாது. 0.5 என்ற வேகத்தை மனித–மக்காக் வேறுபாட்டில் போட்டுப் பாருங்கள்: 6 கோடியே 50 லட்சம் ஆண்டு. டைனோசர்கள் அழிந்ததே 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன்தான்! இன்றைக்குப் பிறக்கும் மனிதக் குழந்தைகளிடம் அளந்த வேகம் இன்றைய மனிதனுக்கு உரியது. பழைய மூதாதைகள் சின்ன உடம்பும் குறுகிய தலைமுறையும் கொண்டவை. அவற்றின் கடிகாரம் வேகமாக ஓடியது. அவ்வளவு தூரத்துக்குப் போவதானால், குறைகளோடு கூட புதைபடிவம்தான் கைகொடுக்கும்.

இடையில் மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. டிஎன்ஏவில் சி எழுத்துக்குப் பின் ஜி வரும் இடங்களில், மெத்தில் என்ற சிறு வேதித் துண்டு ஒட்டிய சி தானாகவே டி-யாக மாறிவிடுகிறது. இது டிஎன்ஏ நகலெடுக்கும்போது வரும் பிழையைவிடக் கடந்துபோகும் காலத்தைச் சார்ந்த மாற்றம் என்பதால், தலைமுறை நீளம் அதிகம் தொந்தரவு செய்வதில்லை. இந்த இடங்களை மட்டும் எடுத்து 2016-ல் போட்ட கணக்கு, டிஎன்ஏ பிரிந்தது 1 கோடியே 21 லட்சம் ஆண்டுக்கு முன், இனம் பிரிந்தது 79 லட்சம் ஆண்டுக்கு முன் என்றது. நான் மூன்றில் ஒரு பங்கு கழித்து எடுத்த தோராயக் கணக்கும் இதன் பக்கத்திலேயே நிற்கிறது.

அப்புறம் 2019-ல் சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் குடும்பங்களிலேயே பிள்ளைகளின் புது மாற்றங்களை எண்ணினார்கள். அவற்றின் ஆண்டு வேகம் மனிதனுடையதைவிட அதிகம். மெதுவாக ஓடத் தொடங்கியது நம் கிளை மட்டும். அந்த வேகத்தைச் சேர்த்துக்கொண்டால் இனப் பிரிவு சுமார் 66 லட்சம் ஆண்டுக்கு வருகிறது. இது சாட் மண்டை ஓட்டின் 70 லட்சத்துக்குச் சற்று இந்தப் பக்கம். 79 லட்சம் சற்று அந்தப் பக்கம். 79 சரி என்றால் சாஹெலாந்த்ரோபஸ் நம் கிளையில் வசதியாக உட்காரும். 66 சரி என்றால், அது இன்னும் பிரியாத பொது மூதாதையின் காலத்து உயிர். இரண்டு எண்ணின் பிழை வரம்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால், அந்த மண்டை ஓடு யாருடையது என்பதை இன்றைக்குக் கடிகாரம் தீர்க்க முடியாது. மனிதக் கிளையின் வேகம் எந்தக் காலத்தில் குறையத் தொடங்கியது என்பது தெரிந்தால்தான் தீர்க்க முடியும்.