வாட்ஸ்அப் சாட்டை மெசேஜ் வாரியா வெட்டுறதா, டாபிக் வாரியாவா? ரெண்டு வருஷமா ஓட்டிப் பாத்தது

வீடு கட்டுனப்ப மேஸ்திரிகூட பேசுனது பூரா வாட்ஸ்அப்லதான், எந்த டைல்ஸ், எந்த ஒயர், எவ்ளோ அட்வான்ஸ் எல்லாமே அதுக்குள்ளதான் கெடக்கு. அதை எக்ஸ்போர்ட் பண்ணி, multilingual-e5-large மாடல்ல எம்பெடிங் போட்டு, கேட்டா எடுத்துக் குடுக்கற மாதிரி ஒரு மெமரி செட்டப் நானே வச்சிருக்கேன்.

மொதல்ல மெசேஜ் ஒன்னுக்கு ஒரு துண்டுன்னு வெட்டுனேன். "பாத்ரூம் தரைக்கு என்ன சைஸ் டைல்ஸ் முடிவாச்சு"ன்னு தேடுனா மேல வந்து நிக்கறது மேஸ்திரி அன்னைக்கு கேட்ட அதே கேள்வி. கேள்விய கேள்விகூட ஜோடி சேத்து விட்டுருச்சு! பதில் அஞ்சு மெசேஜ் கீழ இருக்கு, "சரி மேஸ்திரி, ரெண்டாவதே போட்ருங்க"ன்னு. அதுல பாத்ரூமும் இல்ல டைல்ஸும் இல்ல, பாவம் மாடல் மட்டும் என்ன பண்ணும்.

சரின்னு டாபிக் வாரியா மாத்துனேன். மூணு மணி நேரம் பேச்சில்லன்னாலோ, அடுத்தடுத்த மெசேஜ் கூட்டத்துக்கு நடுவுல ஒத்துமை சடார்னு கொறைஞ்சாலோ அங்க ஒரு வெட்டு. கொஞ்ச நாள் ஜோரா ஓடுச்சு, அப்புறம் "ஏசிக்கு எந்த ஒயர்"னு கேட்டா சம்பந்தமே இல்லாததா வருது. அந்தப் பேச்சு சுவிட்ச் போர்டு எங்க வைக்கறதுன்னு ஆரம்பிச்சு கடைசியிலதான் ஏசி ஒயருக்கு வந்துச்சு. அந்த கடைசி வரியை அப்படியே காப்பி பண்ணி தேடுனேன், அப்பவும் அது மேல வரல, அங்கதான் பொறி தட்டுச்சு. எண்ணிப் பாத்தா துண்டு 900 டோக்கனுக்கு மேல. இந்த மாடல் 512 வரைக்கும்தான் படிக்கும், மிச்சத்தை ஒரு எரர்கூட காட்டாம விட்டுரும். நம்ம ஆளுங்க முடிவை எப்பவும் கடைசியிலதான் சொல்றாங்க, வெட்டுப்படறதும் அதேதான்.

இப்ப ரெண்டையும் கலந்து ஓட்டுறேன். இண்டெக்ஸ்ல ஏத்தறது சின்னத் துண்டு, ஒரு மெசேஜும் அதுக்கு முந்தின மூணும், தலையில அந்த டாபிக்கோட மொத மெசேஜை ஒட்டிடுவேன்:

```
passage: 09-03-2024 | சார் பாத்ரூம் தரைக்கு என்ன சைஸ் டைல்ஸ்? | ... | சரி மேஸ்திரி, ரெண்டாவதே போட்ருங்க
```

தேடும்போது மாட்டுறது இந்தத் துண்டு, ஆனா கைக்கு வர்றது முழு டாபிக்கும், அதுக்கு ஒவ்வொரு துண்டுலயும் டாபிக் நம்பர் இருக்கு. தேடுற வரிக்கு முன்னாடி query: போட மறந்துராதீங்க, இந்த மாடலுக்கு அது வேணும்.

சரியாகாதது ஒன்னு இருக்கு. டைல்ஸ் பேச்சு நடுவுல "சார் மணல் லோடுக்கு காசு"ன்னு வந்து, ரெண்டும் பின்னிக்கிட்டே போகும். எதுக்கு எது ரிப்ளைங்கற வெவரம் எக்ஸ்போர்ட் ஃபைல்ல வர்றதில்ல, அதனால அந்த எடத்தையெல்லாம் கையாலதான் பிரிச்சேன்.

அந்த ரெண்டாவது டைல்ஸும் கடையில ஸ்டாக் தீந்து ஒரு மாசம் கழிச்சு மூணாவதுக்கு மாத்துனோம். இப்ப தேடுனா ரெண்டு முடிவும் கிட்டத்தட்ட ஒரே ஸ்கோர்ல வருது, அதனால மேல வர்ற பத்தையும் தேதி பாத்து புதுசு முதல்லன்னு அடுக்கித்தான் படிக்கறேன்.