எம்.பி.பி.எஸ். இடம் உறுதி என்று முன்பணம் வாங்கும் தரகர்கள்

நீட் முடிவு வந்த சில நாட்களிலேயே அக்கா வீட்டுக்குத் தொலைபேசி வந்துவிட்டது. மகளின் மதிப்பெண்ணைக்கூடச் சரியாகச் சொன்னார் அந்தத் தரகர். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் உறுதி, முன்பணம் எட்டு லட்சம், கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்றார். அத்தான் கொடுத்துவிட்டார்.

நிர்வாக ஒதுக்கீடு என்றால் நிர்வாகம் விரும்பியவருக்குக் கொடுக்கும் இடம் என்றே பலர் இன்னும் நினைக்கிறார்கள். மருத்துவப் படிப்பில் அந்தக் காலம் போய்விட்டது. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் அரசின் தேர்வுக்குழுதான் தனித் தரவரிசைப் பட்டியல் வெளியிட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களை மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. நிரப்புகிறது. கல்லூரித் தலைவரே நினைத்தாலும் தரவரிசையைத் தாண்டி ஒருவரைச் சேர்க்க வழியில்லை. அப்படியானால் தரகர் எதை விற்கிறார்?

நம் பிள்ளையின் தரவரிசையை நமக்கே விற்கிறார். இருபது பேரிடம் முன்பணம் வாங்கினால், ஆறேழு பேருக்கு எப்படியும் கலந்தாய்வில் இடம் கிடைத்துவிடும். அதைத் தன் செல்வாக்கு என்று சொல்லி மிச்சத் தொகையையும் வாங்கிக்கொள்வார், மற்றவர்களை இழுத்தடிப்பார். தன்னால் சேர்ந்தவர்கள் என்று அவர் காட்டும் மாணவர்கள் உண்மையிலேயே அங்கே படிக்கிறார்கள். நேரில் போய் விசாரித்த அத்தானும் அதனால்தான் நம்பினார்.

அக்கா மகளுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். கலந்தாய்வுக் கணக்கின் கடவுச்சொல்லையும் தரகரே வாங்கிக்கொண்டு, விருப்பப் பட்டியலில் அவள் தரவரிசைக்கு எட்டாத மூன்று கல்லூரிகளை மட்டும் போட்டார். கேட்டால், "நம் இடம் கடைசிச் சுற்றில்தான் வரும்" என்பார். இரண்டாம் சுற்று ஒதுக்கீட்டுப் பட்டியலில், அவளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு வேறு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. சும்மா விட்டிருந்தால் தானாகவே வாங்கியிருக்கக்கூடிய இடம்! கடைசிச் சுற்றும் தரவரிசைப்படிதான் நடந்தது. மிஞ்சியிருந்த சில இடங்கள் அவளுக்கு முன்னால் காத்திருந்தவர்களுக்குப் போய்விட்டன.

பணத்தைக் கேட்டபோது முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தை நீட்டினார். அதில் கல்லூரியின் பெயரும் இல்லை, எம்.பி.பி.எஸ். என்ற பேச்சும் இல்லை. கல்வி ஆலோசனைக் கட்டணம் என்று மட்டும் இருந்தது. நெருக்கிய பிறகு மூன்று லட்சத்துக்கு ஒரு காசோலை தந்தார். அது பணமில்லாமல் திரும்பியது. "அடுத்த மாதம் போடுங்கள், மாறிவிடும்" என்று கெஞ்சினார். இப்படிக் கெஞ்சினால் கவனமாக இருங்கள். காசோலை திரும்பிய தகவலை வங்கி தந்ததிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். தவறினால் அந்தத் தகவலை வைத்துக் காசோலை வழக்குப் போட முடியாது. வழக்கறிஞர் உடனே அனுப்பினார். காவல் துறையிலும் புகார் கொடுத்திருக்கிறோம். ரொக்கமாகக் கொடுத்த ஐந்து லட்சத்துக்கு வாட்ஸ்அப் உரையாடல்களைத் தவிர வேறு சான்று எங்களிடம் இல்லை.