ஜெத்தாவிலிருந்து கீழக்கரைக்கு: கொழும்பு வழியா, சென்னை வழியா?

ஜெத்தாவில் வேலை பார்க்கும் எங்கள் கடற்கரைக்காரர்கள் டிக்கெட் போடும்போது இந்த இரண்டில்தான் தடுமாறுவார்கள். ஒன்று, சென்னைக்கு நேர் விமானம், அப்புறம் இரவு ரயில். இன்னொன்று, கொழும்பில் மாறி மதுரை, அங்கிருந்து காரில் சுமார் இரண்டரை மணி நேரம். உம்ரா முடித்த உம்மாவோடு இரண்டு வழியிலும் வந்திருக்கிறேன்.

தாமதம் இரண்டிலும் உண்டு. யார் தலையில் விழுகிறது என்பதுதான் வேறுபாடு. சென்னை விமானம் பிந்தி, ராமேஸ்வரம் ரயில் போய்விட்டது. ரயில் டிக்கெட் தனி என்பதால் விமான நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. பஸ்ஸுக்கு நாங்களே அலைந்தோம். கொழும்பு வழியில் மதுரை வரை ஒரே டிக்கெட்டாக இருந்தால், இணைப்பு தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. இரண்டு டிக்கெட்டாகப் பிரித்துப் போட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பெட்டி விஷயத்தில் நேர் விமானமே மேல். மாறும் இடத்தில் நாம் ஓடிப்போய் ஏறிவிடலாம், பெட்டி ஏறாது. எங்களுக்கு அப்படித்தான் ஆனது: ஜெத்தாவில் கிளம்பவே நேரமாகிவிட்டது, மதுரையில் பெல்ட் நின்ற பிறகும் இரண்டு பெட்டிகள் வரவில்லை. வெளியே போகாமல் அங்கேயே கவுன்டரில் PIR என்ற புகார்ப் படிவத்தைப் போட்டு, எண்ணை வாங்கி, வீட்டுக்கே அனுப்பச் சொன்னோம். மறுநாள் இரவு கீழக்கரைக்கு வந்து சேர்ந்தன. ஒன்றில் சக்கரம் உடைந்திருந்தது. சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பெட்டி தாமதமாக வந்ததற்கு, கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம். இடையில் வாங்கிய துணிமணிகளின் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஜெத்தாவில் பெட்டியில் ஒட்டும் சீட்டை நின்று பாருங்கள். கடைசி ஊராக IXM இருந்தால் மதுரை. CMB என்று முடிந்தால் கொழும்போடு நின்றுவிடும். ஜெத்தாவிலேயே மாற்றி ஒட்டச் சொல்லுங்கள். ஜம்ஜம் பெட்டிக்கும் தனிச் சீட்டு உண்டு, அதையும் பாருங்கள்.

இருக்கை விமானத்தைப் பொறுத்தது. கொழும்புக்கு வந்தது 2-4-2 வரிசை உள்ள பெரிய விமானம். ஜன்னலோர ஜோடி இருக்கையில் நான் உள்ளே, உம்மா நடைபாதையோரம். முட்டிவலிக்காரருக்கு இது பெரிய விஷயம். மூன்றாம் ஆளை எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். சென்னைக்கு வந்தது 3-3. ஆறு மணி நேரம் போல உம்மா நடுவில் முடங்கிக் கிடந்தார்.

பணியாளர்களில் கொழும்பு வழிக்காரர்களை மறக்க மாட்டேன். ஒரு தங்கை தமிழில் பேசி, தலையணையை முட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். சென்னை விமானத்தில் தண்ணீருக்கு அழைப்பு மணியை அழுத்திவிட்டு வெகுநேரம் காத்திருந்தோம். சக்கர நாற்காலி கேட்கும்போது மட்டும் கவனம்: WCHR என்றால் படி ஏறுவார் என்று அர்த்தம். படி ஏற முடியாதவருக்கு WCHS என்று பதிவு செய்யச் சொல்லுங்கள்.

தனி ஆள், கைப்பை மட்டும் என்றால் சென்னை சரி. பெரியவர்களோடு வந்தால் கொழும்பு வழிதான் என் தேர்வு. ஒரே டிக்கெட், நடுவில் மூன்று மணி நேரமாவது இடைவெளி, மாற்றுடை ஒன்று கைப்பையில்.