துபாய் நண்பரிடம் வேலை விசாரிக்க: குரூப்பா, குரலா, எழுத்தா?

நாகர்கோவிலில் மூன்று வருடமாக ஏசி மெக்கானிக்காக இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐடிஐயில் கூடப் படித்தவர் துபாயில் அதே வேலையில் இருக்கிறார். அவரிடம் வேலை இருக்கிறதா, அங்கே என்ன செலவாகும் என்று கேட்க வேண்டும். மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, பழைய வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் யாரும் தன் சம்பளத்தையோ கம்பெனியின் உள் விஷயத்தையோ எழுத மாட்டார்கள். “பாக்கலாம் மக்கா” என்று ஒரு பதில் வரும், அதற்குக் கீழே யாராவது காலை வணக்கம் போடுவார்கள், அதோடு முடிந்தது.

இரண்டாவது, குரல். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு பொதுவாக இணையாது. பொட்டிம் மாதிரி அங்கே அனுமதி பெற்ற செயலி இருவரிடமும் வேண்டும். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நாம் இரவு ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அங்கே ஏழரை. சைட்டிலிருந்து வந்து குளித்து மெஸ்ஸுக்குச் சமைக்கிற நேரம். வாய்ஸ் நோட் போகும், ஆனால் நான்கு நிமிட நோட்டில் ஆறு கேள்வி இருந்தால் ரெண்டுக்குத்தான் பதில் வரும். நட்பைப் புதுப்பிக்கக் குரல் நல்லது. கணக்குக் கேட்க அது போதாது.

மூன்றாவது, தனியாக எழுதிக் கேட்பது. இதுதான் என் தேர்வு. ஆனால் “ஹாய், வேலை இருக்கா?” என்று எழுதினால் இதுவும் வீண்தான். என்ன வேலை, எத்தனை வருட அனுபவம், என்ன எதிர்பார்ப்பு என்று அவரே நம்மிடம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். செலவை முதலில் கேளுங்கள், வேலையைப் பிறகு. செலவைச் சொல்வதில் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ‘வேலை வாங்கித் தா’ என்றால் நாம் அங்கே ஒழுங்காக இருப்போம் என்று அவர் ஜாமீன் நிற்கிற மாதிரி ஆகிவிடும். இப்படி எழுதலாம்:

“மக்கா, சுகமா? நாகர்கோவில்ல ஸ்ப்ளிட் ஏசி, டக்ட் வேலை மூணு வருஷமா பாக்கேன். துபாய் வரலாம்னு ஒரு யோசனை. உன் சம்பளத்தைக் கேக்கல. என்னைப் போல ஆளுக்கு அங்க பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு சொல்லுவாங்க? ரூம் கம்பெனி தருமா? தராட்டி பெட் ஸ்பேஸ் வாடகை என்ன, கரண்டும் தண்ணியும் அதுல சேருமா? சைட்டுக்கு வண்டி உண்டா? மெதுவா சொன்னா போதும்.”

பேசிக்கையும் அலவன்ஸையும் பிரித்துக் கேட்பது சும்மா இல்லை. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான். ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் ஐந்து வருடம்வரை, வருடத்துக்கு 21 நாள் பேசிக். உதாரணத்துக்கு இரண்டு இடத்திலும் மொத்தம் 1,800 திர்ஹாம் என்று வையுங்கள். ஒன்றில் பேசிக் 1,000, இன்னொன்றில் 1,500. முதலாவதில் வருடத்துக்கு 700 திர்ஹாம் சேரும், இரண்டாவதில் 1,050. அதேபோல, ரூமும் வண்டியும் தரும் 1,500, அவை இல்லாத 2,000-ஐவிட மிச்சம் தரக்கூடும். “மாசம் எவ்வளவு மிஞ்சும்?” என்று மொட்டையாகக் கேட்டால் இதெல்லாம் தெரியாது. அவர் வாங்கும் சம்பளத்துக்கும் அவர் சிக்கனத்துக்கும் மிஞ்சுவதைத்தான் சொல்வார்.

பதில் வந்த பிறகு வேலைக்கான செய்தி. அதை அவருக்கு எழுதாமல், அவர் சூப்பர்வைசருக்கு அப்படியே ஃபார்வர்டு செய்கிற மாதிரி எழுதுங்கள். அந்த சூப்பர்வைசர் மலையாளியாக இருக்கலாம், பாகிஸ்தானியாக இருக்கலாம். அதனால் எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி: பெயர், தொழில், அனுபவம், எப்போது வர முடியும். கூடவே பயோடேட்டா பிடிஎஃப். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரும் தொழிலும் இருக்கட்டும். நலம் விசாரிப்பு இதில் வேண்டாம். இருந்தால் அவர் அதை வெட்டி ஒட்ட வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்.

எழுத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. பின்னால் மார்த்தாண்டத்திலோ திருவனந்தபுரத்திலோ ஒரு ஏஜென்ட் ஆஃபர் லெட்டரை நீட்டும்போது, நண்பர் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பேசிக் பாதியாக இருந்தாலோ, “விசிட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்” என்றாலோ, விசாச் செலவைக் கேட்டாலோ நிறுத்திவிடுங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். விசாச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது, முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது அமீரகச் சட்டம். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை நம் அரசின் eMigrate தளத்தில் பார்க்கலாம்.